ஒரு ஸ்பூன் ஆப்பிள் மசியல்

இரண்டு வயது, பத்து கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்று நோயின் பெயர் தெரிந்தாகிவிட்டது. வேளைக்கு ஒரு கேப்ஸ்யூல் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. பாட்டி ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. ஆனாலும் மலம் வெளிறி, எண்ணெய் மினுங்க, வீடே நாறும்படி போகிறது. கழுவினால் பாத்திரத்தில் பிசுக்கு ஒட்டுகிறது. எடை ஏறவே இல்லை. போதாததற்கு உதட்டோரத்திலும் ஈறிலும் புண்.

மருந்து பற்றவில்லை, இன்னும் ஒன்று கூட்டலாமா என்று அம்மா கேட்கிறார். டாக்டர் அதற்குப் பதில் சொல்லாமல் பாட்டியின் பக்கம் திரும்புகிறார். "மாத்திரைய எதுல போட்டுக் குடுக்கறீங்கம்மா?"

"பருப்பு சாதத்துலதான். சூடா நெய் விட்டுப் பிசைஞ்சு, அந்தப் பொடிய மேல தூவிக் கலந்துடுவேன். அப்பதான் புள்ளைக்குத் தெரியாது."

பிரச்சினை இதில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, கேப்ஸ்யூலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நாம் சாப்பிடும் கொழுப்பையும் புரதத்தையும் மாவுச்சத்தையும் உடைக்கும் நொதிகளைக் கணையம் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புகிறது. இந்த நோயில் கணையத்தின் நுண்குழாய்களில் சளிபோல் கெட்டியான திரவம் அடைத்துக்கொள்வதால் நொதிகள் குடலுக்கு வந்து சேர்வதில்லை. நோயுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு, பலருக்குப் பிறந்த சில மாதங்களிலேயே, இந்த நிலை வந்துவிடுகிறது. குழந்தை எவ்வளவு நெய் சாப்பிட்டாலும் அது செரிக்காமல் அப்படியே வெளியேறும். கொழுப்போடு சேர்ந்து உடம்பில் ஏற வேண்டிய ஏ, டி, இ, கே வைட்டமின்களும் கூடவே போய்விடும்.

கணையம் தராத நொதியை வெளியிலிருந்து தருவதுதான் கேப்ஸ்யூலின் வேலை. பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படும் நொதி இது. வீட்டின் வழக்கத்தைப் பொறுத்துச் சிலருக்கு இது சங்கடமாக இருக்கலாம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கேப்ஸ்யூலைத் திறந்தால் கடுகைவிடச் சிறிய மணிகள் கொட்டும். பாட்டி அதைப் பொடி என்கிறார், ஆனால் அது பொடி அல்ல. ஒவ்வொரு மணியின் மேலும் மெல்லிய உறை பூசியிருக்கிறார்கள். கொழுப்பை உடைக்கும் லைபேஸ் என்ற நொதி இரைப்பையின் அமிலம் பட்டால் கெட்டுவிடும். பிறகு அது உயிர் பெறாது. அதனால் அமிலத்தில் கரையாமலும், அமிலம் குறைந்த சிறுகுடலுக்குப் போனதும் கரையும்படியும் அந்த உறையைச் செய்திருக்கிறார்கள். பி.ஹெச் அளவில் சொன்னால் ஏறக்குறைய 5.5-ஐத் தாண்டியதும் உறை இளகத் தொடங்கும்.

வயிற்றுக்குள் இந்த ஏற்பாடு சரியாக வேலை செய்கிறது. கிண்ணத்தில்தான் கோளாறு. பருப்பு சாதத்தில் அமிலம் மிகக் குறைவு, பாலிலும் அப்படியே. அவற்றில் கலந்த மணிகள் சிறுகுடலுக்கு வந்துவிட்டதாக எண்ணி அங்கேயே உறையை அவிழ்த்துவிடுகின்றன. குழந்தை ஓடி விளையாடிக்கொண்டே முக்கால் மணி நேரம் சாப்பிட்டால் கேட்கவே வேண்டாம். வெளியே வந்த நொதி கிண்ணத்துச் சோற்றையே செரிக்கத் தொடங்கும். பிசைந்த சாதம் சற்று நேரத்தில் நீர்விட்டு இளகிப்போனால் அது ஓர் அடையாளம். மிச்ச நொதி இரைப்பைக்குப் போய் அமிலத்தில் அழியும். வாயில் தங்கியதும் மென்றதில் உடைந்ததும் ஈறின் புரதத்தைத் தின்று புண்ணாக்கும். உதட்டோரப் புண்ணுக்குக் காரணம் இதுதான்.

எனவே மணிகளை அமிலமுள்ள மென்மையான உணவில் போட வேண்டும். பி.ஹெச் 4.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கணக்கு. உலகம் முழுக்க ஆப்பிள் மசியலைச் சொல்கிறார்கள். தோல் சீவி, ஆவியில் வேகவைத்து, மசித்து, நன்றாக ஆறவைத்தால் போதும். ஒரு ஸ்பூன் மசியலில் மணிகளைத் தூவி, நசுக்காமல் புரட்டி, சாப்பாடு தொடங்கும்போதே உடனடியாக ஊட்டிவிட வேண்டும். காலையிலேயே கலந்து வைத்துவிட்டு வேலைக்குப் போவது கூடாது. ஊட்டியதும் இரண்டு வாய் தண்ணீர், பிறகு வாயைத் திறக்கச் சொல்லிக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே மணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

புளி ரசமும் அமிலம்தானே, ரசம் சாதத்தில் போடலாமே என்று நம் ஊரில் யாரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சோறு கலந்தபின் அந்தப் புளிப்பு எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியாது. சூடு வேறு. எல்லாவற்றையும்விட, முழுக் கிண்ணத்தில் கலந்தால் குழந்தை பாதியில் எழுந்து ஓடும்போது பாதி மருந்தும் கிண்ணத்தில் தங்கிவிடும். தயிரும் வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் புளிப்பு மாறும். ஒரு ஸ்பூன் மசியலில் அந்த ஐயம் இல்லை.

அம்மா கேட்டதுபோல் ஒரேயடியாகக் கூட்டிவிட்டால் என்ன? நான்கு வயதுக்குக் கீழே ஒரு வேளைக்கு, கிலோ எடைக்கு 1,000 லைபேஸ் அலகு என்று தொடங்குவது வழக்கம். பத்து கிலோ குழந்தைக்கு 10,000. அது ஒரு சிறிய கேப்ஸ்யூல். நொறுக்குத்தீனிக்கும் இரவுப் பாலுக்கும் பொதுவாக இதில் பாதி. உச்ச வரம்பு வேளைக்குக் கிலோவுக்கு 2,500, ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10,000. இந்தக் குழந்தைக்கு அது வேளைக்கு 25,000, நாளைக்கு ஒரு லட்சம். கூட்ட இடம் இருக்கிறது, ஆனால் வரம்பு சும்மா போட்டதல்ல. 1994-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில், அதிக வீரியமுள்ள நொதி எடுத்துக்கொண்ட ஐந்து குழந்தைகளுக்குப் பெருங்குடல் சுருங்கித் தடித்திருந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு இது. கிண்ணத்தில் வீணாகும் மருந்தை ஈடுகட்ட அளவை ஏற்றிக்கொண்டே போய், ஒரு நாள் ஊட்டும் முறை சரியானால், குழந்தை தேவைக்கு மேல் விழுங்கிக்கொண்டிருக்கும்.

சரியாகக் கொடுத்தும் மலம் தெளியாத குழந்தைகளும் உண்டு. ஆரோக்கியமான கணையம் நொதியோடு காரத்தையும் சுரந்து, இரைப்பையிலிருந்து வரும் அமிலத்தைத் தணிக்கிறது. இந்த நோயில் அதுவும் குறைவு. அதனால் சிறுகுடலின் தொடக்கத்திலேயே புளிப்பு நீடித்து, உறை நேரத்துக்கு அவிழாமல் மணிகள் கடந்துபோகலாம். அப்போது டாக்டர் நொதியைக் கூட்டாமல் அமிலத்தைக் குறைக்கும் மருந்தைச் சேர்த்துப் பார்ப்பதுண்டு. வீட்டில் நாமாகச் செய்யும் வேலை அல்ல அது.

நம் குழந்தைக்கு அது தேவைப்படவில்லை. அளவு அதே ஒரு கேப்ஸ்யூல்தான், மாறியது கிண்ணம். பருப்பு சாதமும் நெய்யும் வழக்கம்போல் உண்டு, மசியல் ஸ்பூன் அதற்கு முன்னால் வந்துவிடுகிறது. முதலில் பிசுக்கு குறைந்தது, பிறகு நாற்றம். வாய்ப்புண் ஆறியதும் சாப்பிடும் நேரம் அரை மணிக்குள் வந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் அதற்கு மேல் இழுத்தால் பாதி மணிகளைத் தொடக்கத்திலும் பாதியை நடுவிலும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மருந்து டப்பா அடுப்பு மேடையை விட்டு உள்ளறை அலமாரிக்குப் போய்விட்டது. வெப்பத்திலும் ஈரத்திலும் அந்த மணிகளின் வீரியம் போய்விடும் என்பதைப் பாட்டியே இப்போது வருகிறவர்களிடம் சொல்கிறார்.