பலூன் தலையனுக்கு முளைத்த முகம்

2024-இல் டொரண்டோவைச் சேர்ந்த ‘ஷை கிட்ஸ்’ குழு, ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் சோராவைக் கொண்டு ‘ஏர் ஹெட்’ என்ற குறும்படத்தை எடுத்தது. நாயகனுக்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் பலூன். முகமே இல்லாத ஆள்தானே, ஷாட்டுக்கு ஷாட் ஒரே மாதிரி காட்டுவது சுலபம் என்று தோன்றும்.

நடந்தது வேறு. பலூனின் நிறம் மாறியது. யாரும் கேட்காமலே அதில் முகம் முளைத்தது. நூலும் வந்து தொங்கியது!

சோரா போன்ற கருவிகள் ஒவ்வொரு ஷாட்டையும் புள்ளிக் குழப்பத்திலிருந்து புதிதாக உருவாக்குகின்றன. முந்தைய ஷாட் அவற்றின் நினைவில் இருக்காது. ‘மஞ்சள் பலூன்’ என்று மட்டும் எழுதினால், எந்த மஞ்சள், எவ்வளவு பெரியது என்பதைக் கருவியே ஒவ்வொரு முறையும் முடிவு செய்துகொள்ளும்.

அதனால் குழுவினர் உடை, பலூனின் வகை எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் விலாவாரியாக எழுதினார்கள். அப்படியும் தப்பி வந்த முகங்களையும் நூலையும் எடிட்டிங்கில் கையால் அழிக்க வேண்டியிருந்தது. விளம்பரங்களில் இந்த உழைப்பு தெரிவதில்லை.

இப்போது மாதிரிப் படம் கொடுக்கும் வசதி வந்துவிட்டது. ரன்வே நிறுவனத்தின் ஜென்-4 கருவி 2025-இல் அதைத் தந்தது. ஆனால் முன்பக்கப் படத்தை மட்டும் கொடுத்தால், பாத்திரம் திரும்பும்போது பக்கவாட்டு மூக்கையும் பின்னந்தலையையும் கருவி ஊகித்தே வரையும். பக்கவாட்டு, பின்புறப் படங்களையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. முடிந்த ஷாட்களிலிருந்து ஒவ்வொரு பிரேமை எடுத்து அருகருகே வைத்தால், காது, நெற்றி முடி, சட்டைக் காலர் ஆகியவற்றில்தான் வித்தியாசம் முதலில் பிடிபடும்.