விண்ணப்பம் சேர்ந்ததா?

இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பிச் 'சமர்ப்பி' என்னும் பொத்தானை அழுத்தியதும் இரண்டு பயணங்கள் நிகழ்கின்றன. விவரங்கள் அலுவலகத்தின் கணினிக்குச் செல்கின்றன. அது அவற்றைப் பதிவு செய்து விண்ணப்ப எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. முதல் பயணத்தில் இணைப்பு அறுந்தால் விண்ணப்பம் சேரவில்லை. இரண்டாவதில் அறுந்தால் விண்ணப்பம் சேர்ந்துவிட்டது, விடைதான் வரவில்லை. திரையிலோ இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

புனேயில் வாழும் மாணவி ஒருத்தி கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது பக்கம் உறைந்தது. அவள் பக்கத்தைப் புதுப்பிக்க முயன்றாள். 'Confirm Form Resubmission' என்று உலாவி கேட்டது. அதே விவரங்களை மீண்டும் அனுப்பலாமா என்பது அதன் பொருள். அவள் இசைந்திருந்தால் இரண்டாவது விண்ணப்பம் பதிவாகியிருக்கக்கூடும். ஒருவர் பெயரில் இரண்டு இருப்பின் இரண்டையும் தள்ளிவிடும் அலுவலகங்களும் உண்டு.

அவள் இசையவில்லை. அப்பக்கத்தை மூடிவிட்டு, பதிவெண்ணையும் கடவுச்சொல்லையும் இட்டுப் புதிதாக நுழைந்து, விண்ணப்ப நிலையைப் பார்த்தாள். குறுஞ்செய்தி எதுவும் வந்திருக்கவில்லை. ஆயினும் அங்கே 'சமர்ப்பிக்கப்பட்டது' என்றிருந்தது. அருகிலேயே விண்ணப்ப எண்ணும் இருந்தது. அதைக் குறித்துக்கொண்டு அச்சுப்படி எடுத்தாள். 'வரைவு' என்றிருந்தால் மட்டுமே அவள் மீண்டும் சமர்ப்பித்திருக்க வேண்டும்.

கட்டணம் உள்ள விண்ணப்பமாயின் வங்கிக் கணக்கையும் பார்த்தல் வேண்டும். பணம் கழிந்தும் நிலை மாறாதிருந்தால், மறுமுறை செலுத்தாமல், பரிவர்த்தனை எண்ணைக் குறிப்பிட்டு உதவி மையத்துக்கு எழுதுவதே முறை.