துக்கச் செய்திக்குப் போன சிரிப்பு

இரவு 11 மணிக்கு வந்த மெசேஜ் அது. "மாமா, அப்பா சாயங்காலம் தவறிட்டாங்க. பாலிசிக்கு என்ன செய்யணும்னு சித்தப்பா கேக்கச் சொன்னாங்க." நான் அதைக் காலையில்தான் பார்த்தேன். அதற்குக் கீழே, நான் தூங்கிக்கொண்டிருந்தபோதே, என் பெயரில் ஒரு பதில் போயிருந்தது. "வணக்கம்! எங்களைத் தொடர்பு கொண்டதில் மிக்க மகிழ்ச்சி!" கடைசியில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று.

கோவில்பட்டியில் ஆயுள் காப்பீட்டு முகவராக இருக்கிறேன். அன்று காலை அந்த வீட்டுக்குப் போய் நின்றபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பையன் மட்டும் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். தயாராக எழுதி வைக்கும் பதில்களைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

என்னைப் போன்றவர்கள் பயன்படுத்துவது வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. சாதாரண வாட்ஸ்அப்புக்குத் தம்பி மாதிரி, 2018-ல் வந்தது. அதில் மூன்று வசதிகள் உண்டு. நாம் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் Away message, முதலில் பேசுகிறவருக்குத் தானாகப் போகும் Greeting message, நாமே தேர்ந்தெடுத்து அனுப்பும் Quick replies. மூன்றும் Business tools என்ற இடத்தில் இருக்கும். முதல் இரண்டும் ஆள் பார்க்காமல், என்ன கேட்டார் என்று படிக்காமல் போகிறவை. மூன்றாவது நம் விரல் பட்டால்தான் போகும்.

தானாகப் போகும் பதிலில் என்ன இருக்கலாம்? எந்தச் செய்திக்குக் கீழே போய் உட்காரப்போகிறது என்று நமக்குத் தெரியாத வாசகம் அது. கல்யாணச் செய்தியாக இருக்கலாம், சாவுச் செய்தியாகவும் இருக்கலாம். ஆகவே மகிழ்ச்சி, நன்றி, சிரிப்பு, புதுத் திட்டத்தின் விளம்பரம் எதுவும் அதில் கூடாது. செய்தி வந்து சேர்ந்தது, எப்போது பதில் வரும், அவசரமென்றால் என்ன செய்வது: இவ்வளவுதான். என்னுடையது இப்போது இப்படி இருக்கிறது:

"உங்க மெசேஜ் வந்துருச்சு. காலையில 9 மணிக்கு மேல பார்த்துப் பதில் சொல்றேன். அவசரம்னா எந்நேரமானாலும் இதே நம்பருக்குக் கூப்பிடுங்க."

முதலில் "நாளைக்குக் காலையில" என்றுதான் எழுதியிருந்தேன். இரவு 1 மணிக்குக் கேட்ட ஒருவர் ஒரு நாள் முழுக்கப் பொறுத்திருந்து, மறுநாள்தான் என்னைக் கூப்பிட்டார். அதன் பிறகு "நாளைக்கு" போய்விட்டது.

Greeting message-ஐ நான் அணைத்தே வைத்திருக்கிறேன். புதிதாகப் பேசுகிறவருக்கு மட்டுமல்ல, 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி பேசுகிறவருக்கும் அது போகும். துணிக்கடைக்கு அது சரி. என் வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரீமியம் கட்டுகிறவர்கள், அப்போதுதான் பேசுவார்கள். பதினைந்து வருஷப் பழக்கத்தில் இருக்கும் அண்ணாச்சிக்கு ஒவ்வொரு முறையும் "தங்கள் வரவு நல்வரவாகுக" என்று போனால் அவர் என்ன நினைப்பார்?

இனி Quick replies. ஒரு பதிலை எழுதி, அதற்கு ஒரு குறுஞ்சொல் வைத்துச் சேமிக்க வேண்டும். பிறகு அரட்டையில் / என்ற சாய்கோட்டைத் தட்டினால் பட்டியல் வரும். வேண்டியதைத் தொட்டால் முழு வாசகமும் எழுதும் கட்டத்தில் வந்து விழும். உடனே போய்விடாது, திருத்தி அனுப்பலாம். 50 பதில்கள் வரை வைக்கலாம். நான் வைத்திருப்பது பதினொன்றுதான். அதற்கு மேல் வைத்தால் தேடுகிற நேரத்துக்கு எழுதியே விடலாம்.

அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று: "இந்தத் தடவை எவ்வளவு, எப்போ கடைசி?" இதற்கு நான் முதலில் எழுதி வைத்த பதில் இது:

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் பிரீமியத்தை உரிய தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் செலுத்தி ஒத்துழைக்கவும்."

இதில் இரண்டு தப்பு. ஒன்று, தொனி. "செலுத்தவும்", "ஒத்துழைக்கவும்" எல்லாம் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் எழுதுகிற தமிழ். முகம் தெரிந்த மனிதரிடம் அப்படிப் பேச மாட்டோம். "கட்டிருங்க" என்பதில் இருக்கும் அந்த "ங்க" போதும், மரியாதை அதிலேயே இருக்கிறது. இன்னொன்று விவரத் தப்பு, அதுதான் எனக்கு வினையானது. வருஷத்துக்கு, அரை வருஷத்துக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டுகிறவர்களுக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. மாதாமாதம் கட்டுகிறவருக்கு 15 நாள்தான். ஒரே பதிலை எல்லாருக்கும் அனுப்பினேன். தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்யும் ஒரு அக்கா மாதத் தவணைக்காரர். என் மெசேஜை நம்பி 30 நாள் இருக்கிறது என்று சம்பளம் வரும்வரை பொறுத்தார். பாலிசி காலாவதியானது. புதுப்பிக்க வட்டி, அதோடு உடல்நலம் பற்றிய உறுதிமொழிப் படிவம். வட்டியை நான் கட்டினேன் என்பது வேறு கதை.

அதன் பின் /due என்ற பதில் இப்படி மாறியது:

"பாலிசி எண் முடிவது: 
கட்ட வேண்டியது: ரூ. 
தவணைத் தேதி: 
வட்டியில்லாம கட்டக் கடைசி நாள்: 
ஆன்லைன்ல கட்டுறீங்களா, கிளையில கட்டுறீங்களா? சொன்னீங்கன்னா அதுக்கு வழி அனுப்புறேன்."

நாட்கணக்கு இதில் இல்லவே இல்லை, தேதிதான் இருக்கிறது. மூன்று மாதத் தவணை ஜூலை 28 என்றால் கடைசி நாள் ஆகஸ்ட் 27. மாதத் தவணை என்றால் ஆகஸ்ட் 12. எண்ணிப் பார்க்கும் வேலை என்னுடையது, வாடிக்கையாளருடையது அல்ல. பாலிசி எண்ணையும் முழுதாகப் போடுவதில்லை, கடைசி நான்கு எண் மட்டும். ஒரு வீட்டில் ஒரு போனை நாலு பேர் பார்ப்பார்கள். கடைசி வரி ஒரே ஒரு கேள்வி. மூன்று கேள்வி கேட்டால் ஒன்றுக்கும் பதில் வராது.

வாசகத்தின் மேலே "வணக்கம் ____" என்று பெயருக்கு இடம் விட்டிருக்கலாமே என்று தோன்றும். விட்டேன். ஒருநாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருக்கு "வணக்கம் ____ அவர்களே" என்று கோட்டோடு போய்விட்டது. வாசகம் கட்டத்தில் விழுந்ததும் கண் கீழே இருக்கும் தொகையைத்தான் பார்க்கிறது, மேலே இருக்கும் கோட்டை அல்ல. இப்போது பதினொன்றிலும் பெயரோ விளியோ கிடையாது. முதலில் கையால் "வணக்கம் டீச்சர்" என்று ஒரு மெசேஜ், அடுத்ததாகத்தான் சாய்கோடு. அண்ணாச்சியா, மைனியா, சாரா, தம்பியா என்பதைச் செயலிக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. எதிரில் இருப்பவருக்கோ அந்த முதல் சொல்லிலேயே இவன் நம்மை நினைத்துத்தான் எழுதுகிறான் என்று தெரிந்துவிடும்.

மறுத்துச் சொல்ல வேண்டிய பதில்களுக்குத்தான் உண்மையில் மாதிரி அதிகம் தேவை. மனசு சரியில்லாத நேரத்தில் கையால் எழுதினால் கோபம் வெளியே வந்துவிடும். புதுப் பாலிசி என்றதும் பலர் கேட்பது: "முதல் வருஷக் கமிஷன்ல எங்களுக்கு எவ்வளவு விட்டுத் தருவீங்க?" கமிஷனில் பங்கு தருவதையும் வாங்குவதையும் 1938-ஆம் வருஷக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு தடுக்கிறது. 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். என் பதில்:

"கேட்டதுல தப்பில்லைங்க, நிறையப் பேர் கேப்பாங்க. ஆனா கமிஷன்ல பங்கு குடுக்க சட்டத்துல இடமில்லை, அதனால என்னால முடியாது. பாலிசி இருக்கிற வரைக்கும் அட்ரஸ் மாத்துறது, நாமினி மாத்துறது, லோன் எல்லாத்துக்கும் நான் வந்து நிப்பேன்."

அபராதத் தொகையை வேண்டுமென்றே இதில் போடவில்லை. போட்டால் மிரட்டல் போலப் படும். "முடியாது" என்ற சொல்லையும் மறைக்கவில்லை. "பார்க்கலாம்", "பேசிக்கலாம்" என்று இழுத்தால் அவர் அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்வார், பிறகு மனத்தாங்கல். நேராக மறுத்தும் மரியாதையாக இருக்க முடியும். அதற்கு முதல் வரியில் கேட்டவரைக் குற்றவாளி ஆக்காமல் இருந்தால் போதும்.

"சுகர் இருக்கிறதை ஃபாரத்துல போடாம விட்டா என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. இதற்கு மாதிரி வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். பாலிசி எடுத்து 3 வருஷத்துக்குள் இறப்பு நேர்ந்தால் மறைத்த விஷயத்தைத் தோண்டுவார்கள், பணம் மறுக்கப்படலாம். இதை இரண்டு வரியில் எழுதி அனுப்பினால், 3 வருஷம் தாண்டினால் போதும் என்று படித்துக்கொள்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நான் போன் செய்துவிடுகிறேன்.

சாவுச் செய்திக்கும் அப்படித்தான். /claim என்று ஒன்று வைத்திருக்கிறேன். இறப்புச் சான்றிதழ், அசல் பாலிசிப் பத்திரம், நாமினியின் அடையாள அட்டை, வங்கிக் கணக்குக்கு ரத்து செய்த காசோலை என்ற பட்டியல் மட்டும் அதில் இருக்கும். ஆறுதல் வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுந்துவந்த பிறகு, அவர்கள் கேட்டால் மட்டும் அனுப்புவது. ஆறுதலைச் சேமித்து வைத்து எடுத்துக் கொடுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஒரு சங்கடம் மிச்சம். எழுதி வைத்த பதில் பழசாவது நமக்குத் தெரியாது, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பாலிசி பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரும் அவகாசம் 15 நாள் என்று என் பதில் ஒன்றில் இருந்தது. 2024-ல் அது 30 நாளாகிவிட்டது. நான் கவனித்தது பல வாரம் கழித்து. அடுத்த வருஷம் செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்றானது. அதற்கு முந்தைய நாள்வரை டேர்ம் பாலிசிக்கு 18 சதவீதம். என் /term பதிலில் "வரி சேர்த்து" என்று ஒரு தொகை இருந்தது, ஒரே இரவில் அது பொய்யானது. அன்று காலை பதினொன்றையும் திறந்து, தொகை, சதவீதம், நாட்கணக்கு இருந்த இடத்திலெல்லாம் நட்சத்திரம் போட்டுவிட்டேன்.

நீங்களும் முகவர் என்றால், உங்கள் Quick replies பட்டியலில் "ஜி.எஸ்.டி." என்ற சொல் இன்னும் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அடுத்த சாய்கோடு போடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.