நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கந்தகம்

ரப்பர் தொழிற்சாலைகளில் சேர்மானங்களை எடை போட்டுக் கொடுப்பவர் கையில் ஒரு சீட்டு இருக்கும். அதில் எல்லாக் கணக்கும் நூறில் தொடங்கும். ரப்பர் 100. துத்தநாக ஆக்சைடு 5. ஸ்டியரிக் அமிலம் 2. ஆக்சிலரேட்டர் 0.6. கந்தகம் 2.5. ரப்பர் எத்தனை கிலோவாக இருந்தாலும் அதை நூறு பங்காக வைத்துக்கொண்டு மற்றவற்றை அளப்பது இந்தத் தொழிலின் வழக்கம். இந்தக் கலவைக்கு ‘காம்பவுண்ட்’ என்று பெயர். இது பாடநூல்கள் காட்டும் ஒரு சாதாரண காம்பவுண்ட். இதில் கந்தகத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை எவ்வளவு நேரம் சூடாக்கினாலும் டயரோ வாஷரோ கிடைக்காது. இரண்டரைப் பங்குக்குப் பதிலாக முப்பது பங்கு போட்டால் கிடைப்பது எபனைட். பழைய பேட்டரிப் பெட்டிகளும் பவுண்டன் பேனா உடல்களும் செய்யப்பட்ட அந்தப் பொருள் இழுத்தால் நீளாது, ஓங்கித் தட்டினால் உடையும்.

கந்தகம் சேராத ரப்பர் எப்படிப்பட்டது? கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் பால் வெட்டி, அமிலம் விட்டு உறைய வைத்து, உருளைகளில் கொடுத்துப் புகையில் காய வைத்த ஷீட்டை எடுத்துக்கொள்ளலாம். சட்டென்று இழுத்து விட்டால் அதுவும் சுருங்கத்தான் செய்கிறது. இழுத்தபடியே நெடுநேரம் பிடித்திருந்து விட்டாலோ முழுதாகத் திரும்பி வராது. வெயிலில் பிசுபிசுக்கும். குளிர்நாடுகளின் பனிக்காலத்தில் விறைத்துப்போகும். பெட்ரோலில் ஊற வைத்தால் கரைந்து, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் மாதிரி ஆகிவிடும். 1830களில் அமெரிக்காவில் ரப்பர் காலணியும் மழைக்கோட்டும் விற்ற நிறுவனங்கள் பல மூடப்பட்டதற்குக் காரணம் இதுதான். கோடையில் சரக்கு உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

இந்தக் குணங்களுக்கெல்லாம் வேர் ரப்பரின் மூலக்கூறு அமைப்பில் இருக்கிறது. ஐசோப்ரீன் என்ற ஐந்து கார்பன் அலகு, ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்த நீண்ட சங்கிலிதான் ரப்பர். ஒரு சங்கிலியின் மூலக்கூறு எடையைப் பத்து லட்சம் என்று வைத்துக்கொண்டால் அதில் ஏறத்தாழ 15,000 அலகுகள் இருக்கும். இடியாப்ப இழைகள் போலச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கின்றன. ஆனால் எதுவும் எதோடும் கட்டப்படவில்லை. மெல்ல இழுத்தால் சிக்கல் அவிழ்ந்து சங்கிலிகள் நழுவி வேறிடம் போய்விடுகின்றன. நழுவிய சங்கிலி பழைய இடத்துக்குத் திரும்ப எந்தக் காரணமும் இல்லை.

நழுவாத சங்கிலி மட்டும் ஏன் திரும்புகிறது? அறையின் சாதாரண வெப்பத்திலேயே ஒவ்வொரு சங்கிலியும் ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கிறது. சுருண்டு கிடப்பதற்குக் கோடிக்கணக்கான வழிகள் உண்டு, நேராக நிற்பதற்கு மிகச் சில வழிகளே உண்டு. ஆகவே இழுத்து நேராக்கிய சங்கிலியை விட்டதும், அந்த நெளிவே அதை மறுபடி சுருள வைக்கிறது. இரும்புச் சுருள்வில் இழுக்கப்படும்போது அணுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்புகள் வளைந்து ஆற்றலைச் சேமிக்கின்றன. ரப்பரில் அப்படிப் பெரிதாக எதுவும் சேமிக்கப்படுவதில்லை. அதைத் திரும்ப இழுப்பது வெப்பம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். அகலமான ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து மேலுதட்டில் வைத்தால் இளஞ்சூடு தெரியும். இழுத்த நிலையில் சற்றுநேரம் பிடித்திருந்து, தளர்த்தியதும் வைத்தால் குளிரும். இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் கஃப், கண் பார்வை இல்லாதவர், உதட்டின் உணர்வை வைத்தே இதைக் கண்டுபிடித்து 1805இல் எழுதினார். எடை கட்டித் தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாமல் சுருங்குகிறது என்பதையும் அவர் சொன்னார். அரை நூற்றாண்டு கழித்து ஜேம்ஸ் ஜூல் அதை அளந்து உறுதிப்படுத்தினார். அப்போது அவர் கையில் கந்தகம் சேர்த்த ரப்பர் இருந்தது.

அதற்கு வழி செய்தவர் சார்லஸ் குட்இயர். கந்தகத் தூளைத் தூவினால் ரப்பரின் பிசுபிசுப்பு குறைகிறது என்பதை அவருக்கு முன்பே கவனித்திருந்தவர் அவருடைய கூட்டாளி நதானியேல் ஹேவர்ட். அந்தக் கலவையைச் சூடாக்கினால் ரப்பரின் குணமே மாறுகிறது என்று 1839இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குட்இயர் கண்டார். அமெரிக்கக் காப்புரிமை அவருக்கு 1844இல் கிடைத்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் விண்ணப்பித்துவிட்டார். ‘வல்கனைசேஷன்’ என்ற பெயரும் ஹான்காக்கின் நண்பர் வில்லியம் பிராக்டன் சூட்டியதுதான். ரோமானியரின் நெருப்புக் கடவுள் வல்கன்.

சூட்டில் நடப்பது இதுதான். ஒவ்வொரு ஐசோப்ரீன் அலகிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. அதற்குப் பக்கத்துக் கார்பனில் உள்ள ஹைட்ரஜன் எளிதில் கழலக்கூடியது. அந்த இடத்தில் கந்தகம் வந்து ஒட்டுகிறது. மறுமுனை இன்னொரு சங்கிலியில் இதே போன்ற இடத்தைப் பற்றிக்கொள்கிறது. இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே ஒரு பாலம் விழுந்துவிட்டது. இப்படி எல்லாச் சங்கிலிகளும் இணைந்துவிட்டால், ஒரு டயரின் ரப்பர் முழுவதும் ஒரே மூலக்கூறு என்றே சொல்லலாம். பாலங்களுக்கு இடைப்பட்ட துண்டுகள் முன்போலவே நெளிகின்றன, நீள்கின்றன. நழுவிப் போவது மட்டும் நடக்காது. பெட்ரோலில் போட்டால் கரையாமல் ஊதிப் பெருக்கும். எவ்வளவு குறைவாக ஊதுகிறதோ அவ்வளவு பாலங்கள் இருக்கின்றன என்று கணக்கிடுவது ஆய்வுக்கூடங்களில் இன்றும் வழக்கம்.

எத்தனை பாலங்கள் போதும்? மேலே சொன்ன சீட்டையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மென்மையான ரப்பரின் விறைப்புக் குணகம் சுமார் 0.4 மெகாபாஸ்கல் என்று கொள்வோம். விறைப்பு வெப்பநிலையையும் பாலங்களின் அடர்த்தியையும் பொறுத்தது என்ற எளிய சமன்பாட்டில் இதைப் போட்டால், ஒரு பாலத்துக்கும் அடுத்த பாலத்துக்கும் இடைப்பட்ட துண்டின் எடை 5,800 என்று வருகிறது. அதாவது ஏறத்தாழ 85 அலகுகளுக்கு ஒரு முடிச்சு. 15,000 அலகுச் சங்கிலியில் 170 முடிச்சுகள். ஒவ்வொரு பாலத்துக்கும் இரண்டு முனைகள் இருப்பதால், சங்கிலிக்கு 85 பாலங்கள் என்றாகிறது. நூற்றில் ஓர் இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்தில்தான் கந்தகம் கை வைத்திருக்கிறது. மீதி அப்படியே இருக்கின்றன. ரப்பரின் நெகிழ்வு பிழைத்திருப்பதும் அதனால்தான், பழைய ரப்பரை ஓசோன் தாக்கி வெடிப்பு விழச் செய்வதும் அதனால்தான்.

கணக்கின் மறுபாதி இன்னும் சுவையானது. இரண்டரைப் பங்கு கந்தகம் என்றால் ஒரு சங்கிலிக்கு 780 கந்தக அணுக்கள். 85 பாலங்களுக்குப் பங்கிட்டால் ஒரு பாலத்துக்கு ஒன்பது அணுக்கள் விழுகின்றன. எல்லாமே பாலத்தில் போய் உட்காருவதில்லை. சில ஒரே சங்கிலியில் வளையமாக முடங்குகின்றன, சில ஒரு முனை மட்டும் ஒட்டித் தொங்குகின்றன. ஆனாலும் பாலங்களில் பெரும்பாலானவை பல கந்தக அணுக்கள் வரிசையாகக் கோத்த நீளமான பாலங்கள். கந்தகத்தை மட்டும் வைத்து, வேறு துணையில்லாமல் சூடாக்கிய பழைய முறையில் ஒரு பாலத்துக்கு 40 அணுக்களுக்கு மேல் செலவாயின. எட்டுப் பங்கு கந்தகம் போட்டு 140 டிகிரியில் ஐந்து மணி நேரம் வைக்க வேண்டியிருந்தது. 1906இல் ஆக்ரன் நகரில் ஜார்ஜ் ஓன்ஸ்லேகர் அனிலின் சேர்த்து அந்த நேரத்தைக் குறைத்துக் காட்டினார். அனிலின் நச்சு என்பதால் வேறு சேர்மங்கள் அதன் இடத்துக்கு வந்தன. இன்றைய ஆக்சிலரேட்டர்கள் அந்த வழியில் வந்தவை. துத்தநாக ஆக்சைடும் ஸ்டியரிக் அமிலமும் சேர்ந்து அவற்றை முடுக்கிவிடுகின்றன.

பாலத்தின் நீளத்தை ஆக்சிலரேட்டரை வைத்தே மாற்றலாம். கந்தகத்தை அரைப் பங்காகக் குறைத்து ஆக்சிலரேட்டரை மூன்று, நான்கு பங்காகக் கூட்டினால், ஓரிரு கந்தக அணுக்கள் மட்டும் கொண்ட குட்டைப் பாலங்கள் விழும். கார்பனுக்கும் கந்தகத்துக்கும் உள்ள பிணைப்பைவிட, இரண்டு கந்தகங்களுக்கு இடையிலுள்ள பிணைப்பு வலுக் குறைந்தது. அதனால் குட்டைப் பாலம் சூட்டைத் தாங்கும். இன்ஜினுக்கு அடியில் வைக்கும் ரப்பர் மவுண்ட்டுக்கு இது உகந்தது. நீளப் பாலம் சூட்டில் பிரியும். ஆனால் திரும்பத் திரும்ப வளைந்து நிமிரும் இடத்தில் அதுவே மேல். அழுத்தம் மிகும்போது பாலம் அறுந்து வேறிடத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ள முடிவதால் சங்கிலி அறுபடாமல் தப்புகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

பாலங்களின் எண்ணிக்கை கூடக் கூட விறைப்பு ஏறிக்கொண்டே போகிறது. இழுத்து விட்டபின் மிஞ்சும் நீட்சி குறைகிறது. இழுவலிமை மட்டும் ஓர் உச்சத்துக்குப் போய்விட்டு இறங்குகிறது. இயற்கை ரப்பரைப் பல மடங்கு நீட்டும்போது அருகருகே நேராகிய சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிப் படிகமாகின்றன. கிழிசல் பரவுவதை அந்தப் படிகங்கள் தடுக்கின்றன. பாலங்கள் நெருங்கிவிட்டால் சங்கிலிகளுக்கு அப்படி அடுக்கிக்கொள்ள இடமில்லை. எபனைட் அந்தப் பாதையின் கடைசி முனை.

பட்டறையில் கை தவறும் இடங்கள் மூன்று. கலக்கும்போது கந்தகமும் ஆக்சிலரேட்டரும் கடைசியில்தான் போகும். முன்னதாகப் போட்டாலோ கலவை அதிகம் சூடேறினாலோ, அச்சுக்குப் போகும் முன்பே பாலங்கள் விழுந்து காம்பவுண்ட் கட்டி கட்டியாகிவிடும். இதை ‘ஸ்கார்ச்’ என்பார்கள். அந்தச் சரக்கை மீட்க முடியாது. இரண்டாவது, கந்தகம் சூட்டில் ரப்பரில் நன்றாகக் கரையும், ஆறினால் அவ்வளவு கரையாது. அதிகமாகப் போட்டால் ஆறிய ஷீட்டின் மேல் வெளிறிய தூளாகப் பூக்கும், ஒட்ட வேண்டிய பக்கம் ஒட்டாது. மூன்றாவது, அச்சில் அளவுக்கு மேல் வெந்தால் நீளப் பாலங்கள் சிதைந்து ரப்பர் மறுபடி தளரும். இயற்கை ரப்பருக்கு இந்தத் தொல்லை அதிகம்.

இவற்றில் முதலாவதையும் மூன்றாவதையும் முன்கூட்டியே காட்டும் கருவி ரியோமீட்டர். காம்பவுண்டின் சிறு துண்டை 150 டிகிரிச் சூட்டில் இரண்டு அச்சுகளுக்கு நடுவே அழுத்தி, லேசாக இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே இருக்கும். திருக எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பது திரையில் கோடாக ஓடும். முதலில் ரப்பர் இளகுவதால் கோடு இறங்கும். சில நிமிடங்கள் தரையோடு கிடக்கும். அந்த நிமிடங்கள்தான் ரப்பர் அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடிச் சேரக் கிடைக்கும் அவகாசம். பிறகு பாலங்கள் விழ விழக் கோடு செங்குத்தாக ஏறி, ஓர் உயரத்தில் சாய்ந்து நிற்கும். ஏற வேண்டிய உயரத்தில் தொண்ணூறு சதவீதத்தை எட்டிய நேரத்தைத்தான் அச்சில் வைக்கும் நேரமாகப் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். பருமனான பொருளென்றால் உள்ளே சூடு போய்ச் சேரவும் நேரம் கூட்ட வேண்டும். சூடு பத்து டிகிரி ஏறினால் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். உச்சிக்குப் போன கோடு அங்கே நிற்காமல் சரியத் தொடங்கினால், அதுதான் பாலம் சிதைவதன் அடையாளம்.

பாலங்களைப் போடத் தெரிந்த அளவுக்கு எடுக்கத் தெரியவில்லை. தேய்ந்த டயரைப் பிளாஸ்டிக் போல உருக்கி வார்க்க முடியாது, ஒரே மூலக்கூறாகிவிட்ட பொருளுக்கு உருகும் நிலையே இல்லை. கந்தகப் பிணைப்புக்கும் சங்கிலியின் கார்பன் பிணைப்புக்கும் வலுவில் உள்ள வித்தியாசம் குறைவு என்பதால், பாலத்தை அறுக்கப் போடும் சூடும் அரைப்பும் சங்கிலியையும் சேர்த்தே அறுத்துவிடுகின்றன. இப்படி மீட்டெடுத்த ரப்பரைப் புது டயரில் சிறிதளவுதான் கலக்க முடிகிறது. பழைய டயர்களில் ஒரு பங்கு தூளாக அரைக்கப்பட்டு, சாலை போடும் தாரோடு கலக்கப்படுகிறது.