மேடையில் வாசிக்கப்படும் நாலு வரி

மென்பொருள் மாநாட்டில் பேச விண்ணப்பிப்பவர், உரைச் சுருக்கத்தோடு தன்னைப் பற்றியும் நாலு வரி எழுதித் தர வேண்டும். ‘ஸ்பீக்கர் பயோ’ என்பார்கள். நிகழ்ச்சி நிரலில் வருவதும், அமர்வை நடத்துபவர் மைக்கில் வாசிப்பதும் பெரும்பாலும் அதுதான். அதனால் ‘நான்’ என்று எழுதாமல் ‘இவர்’ என்று எழுதுவது வழக்கம்.

நாலைந்து வருட அனுபவமுள்ள டேட்டா இன்ஜினியருக்கு இது எளிதல்ல. சொல்லிக்கொள்ளப் பெரிய பதவி இருக்காது. அந்த இடத்தைக் கருவிகளின் பெயர்களால் நிரப்பிவிடுவார்: ‘ஏர்ஃப்ளோ, காஃப்கா, ஸ்பார்க்கில் தேர்ந்தவர்.’ காஃப்காவை நிறுவிப் பராமரித்தாரா, யாரோ நிறுவியதில் தகவல் அனுப்பினாரா? இரண்டும் வேறு வேறு வேலை. கேட்பவருக்கு எதுவும் பிடிபடாது.

கடைகள் பல வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கிளைகளின் பில்களை இரவில் திரட்டி மையத் தரவுக்கிடங்கில் சேர்க்கும் நிரல்தொடரைப் ‘பைப்லைன்’ என்கிறார்கள். நடுவில் இணைப்பு அறுந்தால் அதை மறுபடி ஓட்டுவார்கள். ஏற்கெனவே ஏறிய பில்கள் இரண்டாம் முறையும் ஏறிவிடும். கிளையின் கல்லாக் கணக்கை விட மைய அறிக்கையின் தொகை கூடுதலாக நிற்கும்போதுதான் விஷயம் தெரியும். அந்த நாளுக்குரிய பதிவுகளை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுவது ஒரு தீர்வு. நீக்குவதும் ஏற்றுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். ஒன்று தவறினால் இரண்டுமே ரத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாள் காலியாகவே நின்றுவிடும்.

இதைப் பற்றிப் பேச வருபவரின் குறிப்பு இப்படி இருக்கலாம்:

“இவர் ஒரு சில்லறை வணிக நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளாக டேட்டா இன்ஜினியர். கிளைகளின் விற்பனைக் கணக்கைச் சேர்க்கும் மூன்று பைப்லைன்களைப் பராமரிக்கிறார். மறுபடி ஓட்டினாலும் பில்கள் இரட்டிக்காதபடி அவற்றைக் குழுவோடு சேர்ந்து திருத்தி எழுதினார். நாள் கடந்து வரும் பில்களைச் சேர்க்கும் வழியை இப்போது சோதித்துவருகிறார்.”

‘மூன்று’, ‘குழுவோடு’ என்ற சொற்களைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அவரது பொறுப்பின் அளவு அவற்றில் துல்லியமாக இருக்கிறது. ‘முழு அமைப்பையும் வடிவமைத்தவர்’ என்று எழுதியிருந்தால், ‘ஏன் இந்தத் தரவுத்தளத்தைத் தேர்ந்தீர்கள்?’ என்று கேள்வி நேரத்தில் ஒருவர் கேட்பார். அந்த முடிவை எடுத்தவர் இவருடைய மேலாளராக இருந்தால் பதில் தடுமாறும். முடிவுறாத வேலையைச் சொல்லும் கடைசி வரியும் வீணல்ல. அதே சிக்கலோடு போராடுபவர்கள் உரை முடிந்ததும் இவரைத் தேடி வருவார்கள்.

நிறுவனத்தின் பெயரையும் பில்களின் எண்ணிக்கையையும் அலுவலக அனுமதி இல்லாமல் எழுதக் கூடாது. தினசரி பில் எண்ணிக்கை தெரிந்தால், போட்டியாளர் வியாபாரத்தின் அளவையே ஊகித்துவிடலாம்.

சில மாநாடுகளில் முதல் சுற்றுத் தேர்வின்போது பெயரையும் பயோவையும் மறைத்துவிடுவார்கள். உரைச் சுருக்கம் மட்டுமே தேர்வுக் குழுவின் கைக்குப் போகும். ஆகவே, பில் இரட்டித்த கதை சுருக்கத்திலும் இருந்தாக வேண்டும்.