வானத்தில் காணாமல் போகும் கான்கிரீட்

வீட்டுக்கோ காம்பவுண்டு சுவருக்கோ வானம் தோண்டி கான்கிரீட் போடும்போது எல்லாரும் போடுற கணக்கு ஒண்ணுதான்: நீளம், அகலம், கனம் மூன்றையும் பெருக்கு, வீணாவதற்கு அஞ்சு சதவீதம் சேர், ரெடி மிக்ஸ்காரருக்கு போன் பண்ணு. பெரும்பாலும் கடைசி பத்துப் பதினைந்து அடிக்குக் கான்கிரீட் பத்தாமல் போகும். உடனே லாரியில் குறைச்சு அனுப்பிட்டான் என்ற பேச்சு வரும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் தோண்டிய குழியைப் பார்க்க வேண்டும். கான்கிரீட் வரைபடத்தில் இருக்கிற குழியை நிரப்புவதில்லை, மண்ணில் இருக்கிற குழியைத்தான் நிரப்புகிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 40 மீட்டர் நீளச் சுவர். அதற்கு 600 மில்லிமீட்டர் அகலம், 300 மில்லிமீட்டர் கனத்தில் கம்பி இல்லாத கான்கிரீட், பக்கப் பலகை இல்லாமல் நேராக மண்ணை ஒட்டியே போடுகிறோம். வரைபடப்படி 40 × 0.6 × 0.3, அதாவது 7.2 கன மீட்டர். அஞ்சு சதவீதம் சேர்த்தால் 7.56.

இப்போது குழிக்குள் இறங்குவோம். ஜேசிபி பக்கெட்டின் பற்கள் அடிமண்ணை மட்டமாகச் சீவாது, கீறிவிட்டுப் போகும். ஒரு கல் பெயர்ந்து வந்த இடத்தில் குண்டு விழும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் சேற்றை வழித்தெடுக்க வேண்டும், அங்கேயும் ஆழம் கூடும். இதில் முக்கியமான விஷயம், தப்பு ஒரு பக்கமாகவே போகும் என்பது. மேடாக நிற்கும் இடத்தை மேஸ்திரி பார்த்து வெட்டச் சொல்லிவிடுவார், ஏனென்றால் அங்கே கனம் குறையும். பள்ளமான இடத்தை யாரும் தொடமாட்டார்கள், கான்கிரீட் நிரப்பிக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். அதனால் மேடும் பள்ளமும் ஒன்றுக்கொன்று சரியாகாது. சராசரி எப்போதும் ஆழத்தின் பக்கமே சாயும்.

இதை அளப்பது சுலபம். கான்கிரீட்டின் மேல்மட்டம் எங்கே வர வேண்டுமோ அந்த மட்டத்துக்கு, ட்யூப் லெவல் வைத்து இரண்டு முனையிலும் முளை அடித்து, நூலை இறுக்கிக் கட்டுங்கள். நூல் நடுவில் தொய்யாமல் இருக்க இடையிடையே முளை வேண்டும். நூலிலிருந்து அடிமண் வரை டேப் விட்டு, நாலு மீட்டருக்கு ஒரு இடம் என்று பத்து இடத்தில் அளக்கலாம். நம் சுவரில் வந்த அளவுகள், மில்லிமீட்டரில், இப்படி என்று வையுங்கள்: 310, 325, 340, 315, 330, 305, 350, 320, 335, 320. கூட்டினால் 3250, சராசரி 325. எந்த இடமும் கண்ணை உறுத்துகிற மாதிரி இல்லை. அதிகபட்சப் பள்ளமே இரண்டு அங்குலம்தான். அதே இடங்களில் அகலத்தையும் அளக்கிறோம், சராசரி 640 வருகிறது.

உண்மையான குழி: 40 × 0.64 × 0.325 = 8.32 கன மீட்டர். வரைபடத்தைவிட 1.12 கன மீட்டர் கூட, கிட்டத்தட்ட 16 சதவீதம். 7.56 வரவழைத்திருந்தால் ஒரு சொட்டுகூடச் சிந்தாமலேயே 0.76 கன மீட்டர் பத்தாது. மூன்றரை மீட்டருக்கு மேல் குழி காலியாகக் கிடக்கும். லாரிக்காரர் மேல் பழி இல்லை.

சரி, அப்படியானால் அஞ்சுக்குப் பதிலா பதினாறு சதவீதம் சேர்த்தால் போதுமா? இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். அடிமட்டப் பிசகு கான்கிரீட்டின் கனத்தைப் பொறுத்தது அல்ல. 25 மில்லிமீட்டர் கூடுதல் ஆழம் என்பது 100 மில்லிமீட்டர் பி.சி.சி.க்கு 25 சதவீதம்; 300-க்கு எட்டு சதவீதம்; 600-க்கு நாலு சதவீதம்தான். அதே ஜேசிபி, அதே ஆள், அதே மண். அதனால் அடிமட்டத்துக்குச் சதவீதம் சேர்க்காதீர்கள், கனத்தோடு மில்லிமீட்டரைச் சேருங்கள். அகலம் கூடுவது வேறு மாதிரி. 600 அகலத்தில் 40 கூடினால், கனம் எதுவானாலும் ஏழு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கே சதவீதம் பொருந்தும்.

அடுத்தது சிந்துவது. இதற்குத்தான் எல்லாரும் சதவீதம் ஒதுக்குகிறார்கள், ஆனால் மூன்றில் சிறியது இதுதான். லாரியின் சரிவிலிருந்து நேராகக் குழிக்குள் கொட்டினால் கரையில் விழுவது, மண்ணோடு கலந்து வீணாவது எல்லாம் சேர்த்து இரண்டு சதவீதம் வைத்துக்கொள்ளலாம். நம் சுவருக்கு 0.17 கன மீட்டர், மொத்தம் 8.49, ஆக 8.5 சொல்லலாம். பம்பு வைத்தால் கணக்கு மாறும். 125 மில்லிமீட்டர் குழாயில் மீட்டருக்கு 0.0123 கன மீட்டர் நிற்கும். 30 மீட்டர் குழாய் என்றால் 0.37. கடைசியில் பந்து விட்டுத் தள்ளினால் அதில் ஒரு பங்கு குழிக்கு வரலாம், ஆனால் தொட்டியில் தங்குவதும் இருக்கிறதே. 9 சொல்வது பத்திரம். இந்த இழப்பு போடுகிற அளவைப் பொறுத்தது அல்ல, ஒரு தடவை பம்பு வைத்தால் ஒரு தடவை போகும். அதனால்தான் சின்ன வேலையில் பம்பு அதிகமாகத் தின்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. சைட்டிலேயே கலக்கும்போது 1.54-ஆல் பெருக்குவார்களே, அது சேதாரம் இல்லை. உலர்ந்த ஜல்லிக்கும் மணலுக்கும் இடையே இருக்கிற காற்றிடத்துக்கான கணக்கு. ரெடி மிக்ஸ் ஈரமான கான்கிரீட்டின் கன அளவிலேயே விற்கப்படுகிறது, அங்கே அந்த எண்ணுக்கு வேலையே இல்லை.

செலவைக் குறைக்க பள்ளத்தில் மண்ணைத் தள்ளி மிதித்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. தளர்ந்த மண் சுவரின் எடை ஏறியபின் அமுங்கும், அந்த இடத்தில்தான் விரிசல் வரும். கூடுதலாகத் தோண்டிய ஆழத்தைக் கான்கிரீட்டாலேயே நிரப்ப வேண்டும். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் தோண்டும்போதுதான்: ஜேசிபியைக் கடைசி ஆறு அங்குலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டு, மீதியை மண்வெட்டியால் மட்டம் பார்த்துச் செதுக்கினால் 25 மில்லிமீட்டர் வெகுவாகக் குறையும். நம் குழியில் சராசரியில் 10 மில்லிமீட்டர் குறைத்தாலே கால் கன மீட்டர் மிச்சம். அதன் விலையையும் ஆள் கூலியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அளப்பது கடைசிச் செதுக்கல் முடிந்தபின், முடிந்தால் கான்கிரீட் வரும் நாள் காலையில். இரவு கரை சரிந்திருந்தால் நேற்றைய அளவு பொய். இரண்டு லாரி வரும் வேலை என்றால், இரண்டாவதன் அளவை இறுதி செய்யாமல் பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதல் லாரி காலியானதும் மீதி நீளத்தை அளந்து அந்த எண்ணைச் சொல்லலாம். பிளான்ட் பக்கத்தில் இருந்தால்தான் இது நடக்கும். தூரமென்றால் முதல் கான்கிரீட் இறுகத் தொடங்கிவிடும், இரண்டும் ஒட்டாது. அப்போது காலையில் எடுத்த அளவை நம்பி கால் கன மீட்டர் கூடுதலாகச் சொல்லிவிட்டு, மிஞ்சுவதைக் கொட்ட கேட் தூணின் அடியையோ மோட்டார் மேடையையோ முன்கூட்டியே தோண்டி வைப்பதுதான் வழி.