398 டாலர் பை, 159 டாலர் விலை

நியூயார்க் நகரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் உட்பரி காமன் என்ற பெரிய அவுட்லெட் வளாகம் வரும். பெயர்பெற்ற பிராண்டுகள் குறைந்த விலையில் விற்பதற்கென்றே நடத்தும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு அங்கிருந்த கோச் கைப்பைக் கடையில் விலை எப்படி இறங்கியது என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். பையில் தொங்கும் அட்டையில் 398 டாலர். அலமாரிக்கு மேலே 50 சதவீதத் தள்ளுபடி என்று பலகை. அதனால் விலை 199. வாசலில் நின்ற பணியாளர் கையில் திணித்த கூப்பன் இன்னொரு 20 சதவீதத்தைக் கழிக்கும். கல்லாவில் கட்ட வேண்டியது 159 டாலர் 20 சென்ட்.

வாங்கியவருக்கு அன்று மகிழ்ச்சிதான். ஆனால் அடுத்த மாதம் அவர் மன்ஹாட்டனில் உள்ள கோச்சின் முழுவிலைக் கடைக்குப் போய், 398 டாலர் அட்டை தொங்கும் இன்னொரு பையைக் கையில் எடுத்தால் என்ன நினைப்பார்? 'இதன் உண்மையான விலை 160' என்றுதான் நினைப்பார். கடைக்காரர் எவ்வளவு மெத்தென்ற கம்பளம் விரித்து வைத்திருந்தாலும் அந்த நினைப்பு மாறாது.

கோச் ஒன்றும் நேற்று முளைத்த நிறுவனம் அல்ல. 1941இல் மன்ஹாட்டனில் ஒரு சிறிய பட்டறையாகத் தொடங்கியது. பேஸ்பால் கையுறைத் தோல் பழகப் பழக மிருதுவாவதைக் கவனித்த அதன் உரிமையாளர் மைல்ஸ் கான், அதே குணமுள்ள தோலில் பைகள் செய்யவைத்தார். பல பத்தாண்டுகளுக்கு அந்தப் பைகளின் பெயர் உழைப்புக்கும் தோலுக்கும்தான். ஐரோப்பிய ஆடம்பரப் பைகளை வாங்க முடியாத, ஆனால் நல்ல பொருள் வேண்டும் என்று நினைக்கும் நடுத்தர வர்க்கத்துக்கு 300, 400 டாலரில் ஒரு பெருமை. கோச்சின் வாக்குறுதி அதுதான். 2000இல் பங்குச் சந்தைக்கு வந்த பிறகு பல ஆண்டுகள் அது ஏறுமுகத்திலேயே இருந்தது.

2008-09 பொருளாதார மந்தம் வந்தபோது வாடிக்கையாளர் முழுவிலைக் கடைகளுக்கு வருவது குறைந்தது. அவுட்லெட்டுகளில் கூட்டம் சேர்ந்தது. நிறுவனம் கூட்டம் இருந்த பக்கம் சாய்ந்தது. அவுட்லெட்டுகள் பெருகின. மின்னஞ்சல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று சொல்லி ஆன்லைனில் சில நாள் அதிரடி விற்பனைகள் நடந்தன. முழுவிலைக் கடைகளிலேயே 'விருப்ப வாடிக்கையாளர்' அட்டையைக் காட்டினால் 25 சதவீதம் கழிவு. டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் தங்கள் பங்குக்குத் தனியாகக் கூப்பன் கொடுத்தன. அவுட்லெட்டுக்குத் தேவையான சரக்கு எஞ்சிய சரக்கிலிருந்து கிடைக்காத அளவுக்கு விற்பனை வளர்ந்ததால், அவுட்லெட்டுக்கென்றே தனியாகப் பைகள் தயாராயின. அந்தப் பைகளின் அட்டையில் இருந்த பெரிய விலைக்கு அவை எந்தக் கடையிலும் விற்கப்பட்டதே இல்லை.

இந்த வழக்கம் கோச்சோடு நிற்கவில்லை. போட்டியாளரான மைக்கேல் கோர்ஸ், அவுட்லெட் அட்டைகளில் போட்ட 'உற்பத்தியாளர் பரிந்துரை விலை' தவறாக வழிநடத்துகிறது என்று வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கை 2015இல் சுமார் 48.8 லட்சம் டாலர் கொடுத்து சமரசமாக முடித்துக்கொண்டது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை.

விலை குறைந்தால் வாங்குபவர் மகிழத்தானே வேண்டும், ஏன் பொருளின் மதிப்பும் சேர்ந்து குறைகிறது? அரிசியின் தரத்தைக் கையில் எடுத்துப் பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம். தோல் பையின் தரத்தை, தையல் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை, கடையில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. தெரியாத இடத்தில் மனிதர்கள் தெரிந்ததை வைத்து அளக்கிறார்கள், தெரிந்தது விலை. 2008இல் அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வு இதை மூளை ஸ்கேன் வரை கொண்டுபோனது. ஒரே ஒயினை ஒரு முறை 10 டாலர் என்றும் இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொல்லிக் குடிக்கக் கொடுத்தார்கள். விலை கூடுதல் என்று சொல்லப்பட்டபோது பங்கேற்றவர்கள் ருசி அதிகம் என்றார்கள். இன்பத்தை உணரும் மூளைப் பகுதியும் கூடுதலாக இயங்கியது. விலையைச் சொல்லாமல் கொடுத்தபோது அந்த வேறுபாடு இல்லை.

அட்டையில் வெறுமனே பெரிய எண்ணை அச்சடித்துவிட்டால் மட்டும் இது நடந்துவிடாது. விலை ஒரு சான்றாக மதிக்கப்பட வேண்டுமென்றால், அதைக் காப்பாற்றுவதற்காக விற்பவர் ஏதோ ஒன்றை இழக்கத் தயாராக இருக்கிறார் என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். லூயி வித்தோன் தள்ளுபடி விற்பனையே நடத்துவதில்லை. அவுட்லெட் கடைகளும் இல்லை. பிரிட்டனின் பர்பெரி நிறுவனம் 2018 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கை அழித்தது. கழிவு விலைக்குக் கொடுத்துப் பெயரைக் கெடுத்துக்கொள்வதைவிட எரிப்பது மேல் என்பதுதான் அந்தத் தொழிலின் பழைய கணக்கு. அது அநியாயமான வீணடிப்பு என்பதில் சந்தேகமில்லை. கண்டனம் கிளம்பி சில வாரங்களிலேயே, அந்த வழக்கத்தை நிறுத்துவதாக பர்பெரி அறிவித்தது. ஆனால் விலையைத் தாங்கிப் பிடிக்க எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதற்கு அதைவிட வெளிப்படையான ஆதாரம் கிடைக்காது.

தள்ளுபடியே கூடாது என்று இதற்குப் பொருளல்ல. நம் ஊர் ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடிக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும்: ஆடியில் கல்யாணம் இல்லை, பழைய சரக்கு போக வேண்டும், தீபாவளிச் சரக்கு வர வேண்டும். காரணமும் முடியும் தேதியும் தெரிந்த தள்ளுபடி, சரக்கைப் பற்றிச் சந்தேகம் கிளப்பாது. காரணம் இல்லாமல் வாராவாரம் வரும் தள்ளுபடிக்குத்தான் வாடிக்கையாளர் தானாக ஒரு காரணம் கண்டுபிடிக்கிறார். முதலில் ஏற்றி வைத்திருக்கிறான், அல்லது சரக்கு போகவில்லை. இரண்டில் எதை நினைத்தாலும் பிராண்டுக்குக் கெடுதல்தான்.

லாபக் கணக்கும் இதைவிட இரக்கமற்றது. 300 டாலர் பைக்குச் செய்கூலி, தோல் எல்லாம் சேர்த்து 90 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கோச்சின் மொத்த லாப விகிதம் இந்த அளவை ஒட்டித்தான் இருந்தது. முழுவிலையில் 100 பை விற்றால் கையில் நிற்பது 21,000 டாலர். 30 சதவீதம் குறைத்தால் விலை 210, ஒரு பைக்கு நிற்பது 120. பழைய 21,000ஐ எட்ட 175 பை விற்றாக வேண்டும். முதல் தள்ளுபடியில் அது நடக்கவும் கூடும். ஆனால் கூடுதலாக வந்த 75 பேரில் பலர் அடுத்த மாதம் முழுவிலையில் வாங்கியிருக்கக்கூடியவர்கள். அடுத்த மாதம் கடை காற்று வாங்கும். அந்த மாதத்தைத் தூக்கி நிறுத்த இன்னொரு தள்ளுபடி. பழக்கம் இப்படித்தான் பிடிக்கிறது.

2014 ஜனவரியில் கோச்சின் தலைமைப் பொறுப்புக்கு வந்த விக்டர் லூயிஸ் இந்தப் பழக்கத்தை வெட்டினார். ஆன்லைன் அதிரடி விற்பனைகளையும் கூப்பன்களையும் பெருமளவு குறைத்தார். வட அமெரிக்காவில் ஏறக்குறைய 70 முழுவிலைக் கடைகளை மூடுவதாக அறிவித்தார். பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் வெவர்ஸ் புதிய பைகளை வரைந்தார். மருந்து கசந்தது. ஏற்கெனவே இருந்த வட அமெரிக்கக் கடைகளின் விற்பனை 2014 ஜூலை-செப்டம்பர் காலாண்டில் முந்தைய ஆண்டைவிட 24 சதவீதம் விழுந்தது. 2013 நிதியாண்டில் 508 கோடி டாலராக இருந்த நிறுவனத்தின் விற்பனை இரண்டே ஆண்டில் 419 கோடிக்கு வந்தது. நிகர லாபம் 103 கோடியிலிருந்து 40 கோடி டாலருக்கு. அட்டை விலையை மறுபடி நம்பவைக்க ஆன செலவு இவ்வளவு. 2016 ஏப்ரல்-ஜூன் காலாண்டில்தான் வட அமெரிக்கக் கடைகளின் விற்பனை 2 சதவீதம் ஏறியது. அந்த ஆகஸ்டில், கூப்பன் வெள்ளம் ஓடிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் சுமார் 250 இடங்களை விட்டு வெளியேறப் போவதாகவும் கோச் அறிவித்தது.

வெட்டினால் எல்லோரும் பிழைப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆப்பிள் கடைகளை உருவாக்கிய ரான் ஜான்சன் 2012இல் ஜேசி பென்னி கடைகளில் கூப்பன்களை ஒரேயடியாக நிறுத்தி, தினமும் ஒரே நேர்மையான விலை என்றார். அந்த ஆண்டு விற்பனை கால்வாசி சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் பதவி போனது, கூப்பன் திரும்பி வந்தது. பென்னிக்கு வந்தவர்கள் கூப்பனை வெட்டி எடுத்து மிச்சம் பிடிக்கும் சுகத்துக்காகவே வந்தவர்கள். அதைப் பிடுங்கிய கையால் வேறு எதையும் கடை கொடுக்கவில்லை. கோச்சிடம் குறைந்தது நல்ல தோலும் புது வடிவங்களும் இருந்தன.

பெருந்தொற்றுக் காலத்தில் கோச் இன்னொரு சுற்று தள்ளுபடியைக் குறைத்தது. பை வகைகளையும் ஏறக்குறைய பாதியாக்கியது. 2019இல் வந்த டாபி என்ற பையை இளம்பெண்கள் 400 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். 2024 நிதியாண்டில் கோச் பிராண்டின் விற்பனை மறுபடி 500 கோடி டாலரைத் தாண்டியது. அவுட்லெட்டுகள் இன்றும் இருக்கின்றன, பெரிய கழிவுப் பலகைகளோடுதான். எனவே கோச் முழுத் துறவி ஆகிவிட்டது என்று யாரும் ஏமாற வேண்டாம். அதே காலத்தில் மைக்கேல் கோர்ஸ் சரிந்துகொண்டிருந்தது. கோச்சின் தாய் நிறுவனம் அதை வாங்குவதை எதிர்த்து நடந்த வழக்கில் 2024 செப்டம்பரில் சாட்சி சொன்ன வடிவமைப்பாளர் மைக்கேல் கோர்ஸ், தன் பிராண்டைக் கண்டு மக்கள் சலித்துப் போயிருப்பதை ஒப்புக்கொண்டார்.

சொந்தப் பெயரில் புடவையோ நகையோ செருப்போ விற்கும் கடைக்காரர்கள் ஒரு மாலை உட்கார்ந்து கடந்த ஓராண்டுப் பில்களைப் பிரித்துப் பார்க்கலாம். அட்டையில் போட்ட விலைக்கே போனவை எத்தனை, குறைத்துப் போனவை எத்தனை என்று இரண்டு கட்டாக அடுக்கினால் போதும். தள்ளுபடி முடிந்த மறுவாரத்து விற்பனையையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் கட்டு ஆண்டுக்கு ஆண்டு மெலிந்து, அந்த மறுவாரமும் வெறிச்சோடினால், உங்கள் விலையை வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே மாற்றி எழுதிவிட்டார்கள்.